தீபாவளிப் பெட்டியோடு வந்த நாணயத்தைத் திருப்பி அனுப்பும் கடிதம்

வெள்ளவத்தை, கொழும்பு 06
2025 ஒக்டோபர் 21, செவ்வாய்க்கிழமை

அன்பின் நானாவுக்கு,

சலாம். சனிக்கிழமை பின்னேரம் உங்கள் லொறியில் வந்த தீபாவளிப் பெட்டி பத்திரமாகக் கிடைத்தது. நேற்று எங்கள் முதியோர் இல்லத்துப் பண்டிகைத் தேநீருக்கு மஸ்கட்டையும் தொதலையும் வெட்டி எல்லாருக்கும் கொடுத்தோம். பல் இல்லாதவர்கள்கூட மஸ்கட்டை வாயில் வைத்துக் கரைத்துக் கரைத்துச் சாப்பிட்டார்கள். இரண்டாம் மாடியில் இருக்கும் ரீச்சரம்மா, "இது புறக்கோட்டை நானா அனுப்பினதா?" என்று பெயர் வைத்தே கேட்டார். மனம் நிறைந்த நன்றி.

இனி எழுதப்போவதை நேரில் சொல்லத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் உங்கள் கடையில் எப்போதும் ஆட்கள் நிற்பார்கள், நாட்டாமைத் தம்பிமார் மூடையோடு உள்ளேயும் வெளியேயும் போய்க்கொண்டிருப்பார்கள். அந்த நடுவில் இந்தப் பேச்சு சரிவராது. தொலைபேசியில் சொன்னால் நீங்கள் சிரித்துக்கொண்டே "அதை விடு தங்கச்சி" என்று முடித்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பெட்டியின் அடித்தட்டைத் தூக்கியபோது சிவப்புத் துணிப் பை ஒன்று இருந்தது. உள்ளே அரைப் பவுன் நாணயம், செட்டியார் தெருக் கடைப் பற்றுச்சீட்டோடு. அதைத் திருப்பி அனுப்புகிறேன், நானா. என்னால் அதை வைத்துக்கொள்ள முடியாது. அன்று இரவு தொலைபேசியில், மகனின் கணக்கியல் படிப்புக்கு முதல் தவணையை நீங்களே கட்டிவிடுவதாகச் சொன்னீர்கள். அந்த உதவியையும் நான் ஏற்க மாட்டேன். அன்றே மறுத்திருக்க வேண்டும். நீங்கள் அவனை "எனக்கும் மருமகன்தானே" என்று சொன்னதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, பேச்சு வரவில்லை. நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் தவறான எண்ணத்தோடு செய்தீர்கள் என்று நான் ஒரு நிமிடமும் நினைக்கவில்லை. ஏழு வருடமாக உங்களிடம் சாமான் எடுக்கிறேன். 2022இல் டீசல் இல்லாமல் நகரமே நின்றபோது, லொறி ஓடாது என்று சொல்லி நீங்கள் கைவிடவில்லை. பருப்பையும் மாவையும் இரண்டு முச்சக்கர வண்டியில் பிரித்து ஏற்றி காலி வீதி வழியாக அனுப்பினீர்கள். சீனிக்கு விலை தினமும் ஏறிய அந்த நாட்களில், முதல் வாரம் சொன்ன விலைக்கே எங்களுக்குத் தந்தீர்கள். அந்த மாதம் எங்கள் அடுப்பு ஒரு வேளைகூட அணையவில்லை. போன மாதம் ஒரு பருப்பு மூடையில் 600 கிராம் குறைகிறது என்று நான் சொன்னதும், தராசைக் கேள்வி கேட்காமல் அடுத்த நாளே ஒரு கிலோ அனுப்பினீர்கள். இப்படிப்பட்ட ஒரு மனிதரிடமிருந்து வந்தது என்பதால்தான் இந்த நாணயம் எனக்குக் கனமாக இருக்கிறது.

நான் வாங்கும் ஒவ்வொரு கிலோவும் இங்கே இருக்கும் 62 பேருடைய காசு. சிலருக்கு ஓய்வூதியம், சிலருக்குக் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் அனுப்புவது. ஒன்பது பேருக்கு அனுப்ப யாரும் இல்லை. அவர்களுடைய சாப்பாடு, யாரோ தன் அம்மாவின் திவசத்துக்கோ குழந்தையின் பிறந்தநாளுக்கோ கொடுக்கும் அன்னதானத்தில்தான் நடக்கிறது. அந்தக் காசில் எந்தக் கடையில் அரிசி எடுப்பது என்று முடிவு செய்பவர்களில் நானும் ஒருத்தி. அப்படி இருக்கும்போது, அந்தக் கடைகளில் ஒன்று தந்த அரைப் பவுன் என் அலுமாரியில் இருக்கலாமா? இன்றைய தங்க விலையில் அது என் ஒரு மாதச் சம்பளத்தையும் தாண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. அடுத்த வருடத்துக்கான விலைமனு நவம்பர் 14ஆம் திகதி முடிகிறது. நீங்களும் கொடுப்பீர்கள், வேறு இரண்டு கடைக்காரர்களும் கொடுப்பார்கள். மூன்று உறையையும் நிர்வாக சபை உறுப்பினர் ஒருவர், கணக்காளர், நான் என்று மூன்று பேர் சேர்ந்துதான் திறப்போம். உங்கள் விலை குறைவாக இருந்து உங்களுக்கே கிடைத்தால், அது உங்கள் விலைக்கும் உங்கள் சாமானுக்கும் கிடைத்ததாக இருக்க வேண்டும். நாணயத்தை நான் வைத்துக்கொண்டால், நேர்மையாகக் கிடைத்த ஓடரும் நாளைக்கு யாரோ ஒருவர் வாயில் அசிங்கப்படும். அது எனக்கு மட்டும் வரும் பேச்சு இல்லை, உங்கள் கடைக்கும் வரும். புறக்கோட்டையில் ஒரு பேச்சு நான்காம் குறுக்குத் தெருவில் தொடங்கினால் மெயின் வீதிக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், பயமுறுத்த இல்லை. முன்பு இலஞ்சச் சட்டம் என்றால் பெரும்பாலும் அரசாங்க ஊழியரைப் பற்றியது என்றே நாங்கள் நினைத்திருந்தோம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்த பிறகு, தனியார் துறையில் கொடுக்கும் இலஞ்சமும் வாங்கும் இலஞ்சமும் அதற்குள் வந்துவிட்டன. பண்டிகைப் பரிசு என்று அன்பாகக் கொடுத்ததைக்கூட, விலைமனு நேரத்தில் என்றால் வேறு கண்ணால் பார்ப்பார்கள். உங்களுக்கு அப்படி ஒரு தலையிடி வருவதை நான் விரும்பவில்லை.

எங்கள் இல்லத்து வழக்கம் இதுதான். எல்லாரும் பகிர்ந்து சாப்பிடக்கூடிய இனிப்பு, பழம், சுவரில் மாட்டும் கலண்டர், இவற்றை வாங்கலாம். வந்த அன்றே பரிசுப் பதிவேட்டில் எழுதிவிடுவோம். காசு, தங்கம், வவுச்சர், தனி ஒருவருக்கு வரும் உடுப்பு, குடும்பத்தாருக்குச் செய்யும் உதவி, எதுவும் கூடாது. யார் தந்தாலும் இதுதான் பதில். மற்ற இரண்டு கடைக்காரர்கள் நாளைக்கு இதே போல ஒன்றை அனுப்பினாலும் இதே கடிதம்தான் போகும், ஆளுக்கு ஒரு வார்த்தை மாறாது. என்னிடம் மட்டும் இல்லை, சமையல்கார அக்காவிடமும் களஞ்சியத் தம்பியிடமும்கூட ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று உங்கள் கடைத் தம்பிமாரிடம் சொல்லி வையுங்கள். சாமான் இறக்க வந்தால் ஒரு தேநீர் இங்கே எப்போதும் உண்டு, அதை நாங்கள் கொடுப்போம்.

நாணயத்தை அதே சிவப்புப் பையில், அதே பற்றுச்சீட்டோடு உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். நாளை புதன்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் கணக்காளரும் நானும் கடைக்கு வந்து உங்கள் கையிலேயே தருவோம். வேறு யாரிடமும் கொடுக்கப் போவதில்லை, கடைப் பிள்ளைகள் முன்னால் எடுக்கவும் மாட்டேன். இந்தக் கடிதத்தின் இரண்டாம் பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு கையெழுத்து மட்டும் போட்டுத் தாருங்கள். அது எங்கள் கோப்பில் இருக்கும். உங்கள்மேல் சந்தேகம் வைத்து இதைக் கேட்கவில்லை. நாளைக்கு யாராவது "அந்த நாணயம் எங்கே போனது?" என்று கேட்டால் உங்களுக்கும் எனக்கும் காட்ட ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான். பெட்டியைக் கொண்டு வந்த லொறித் தம்பியை எதுவும் சொல்ல வேண்டாம். அவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது.

மகனைப் பற்றி. முதல் தவணைக்கு நான் சீட்டு எடுத்துவிட்டேன், ஜனவரியில் கட்டிவிடுவோம். ஆனால் உங்களிடம் கேட்க ஒன்று உண்டு. படிப்பு முடிந்து வேலை தேடும்போது, புறக்கோட்டை மொத்த வியாபாரத்தில் கணக்கு எப்படி நடக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். புத்தகத்தில் இல்லாததை உங்களைப் போன்றவர்களிடம்தான் கேட்க வேண்டும். அது காசு இல்லாத உதவி, அதை நான் சந்தோஷமாகக் கேட்பேன். அதையும்கூட விலைமனு முடிந்த பிறகு பார்த்துக்கொள்வோம்.

இல்லத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று உங்களுக்கு மனம் இருந்தால், அதற்கும் வழி இருக்கிறது. நவம்பர் முடிவுக்குள் விலைமனு யாருக்கு என்று முடிவாகிவிடும். அதற்குப் பிறகு ஒரு நாள் மதியச் சாப்பாட்டை உங்கள் வாப்பாவின் பெயரில் கொடுக்கலாம். பற்றுச்சீட்டு தருவோம், அன்று அறிவித்தல் பலகையில் அவருடைய பெயரை எழுதுவோம். ஆனால் ஓடர் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கொடுப்பதாக இருந்தால் மட்டும் கொடுங்கள். முடிவுக்கு முன்னால் அனுப்பினால் அதையும் திருப்பித்தான் அனுப்ப வேண்டி வரும்.

கொடுக்கல் வாங்கலில் எதுவும் மாறவில்லை. செப்டம்பர் பில்லுக்கான செக் வழக்கம் போல இந்த மாதம் 30ஆம் திகதி தயாராக இருக்கும். கணக்காளர் ஏற்கெனவே கையெழுத்துக்கு வைத்துவிட்டார். விலைமனுப் படிவம் தனி உறையில் வருகிறது. அதில் நாட்டரிசிக்கும் கீரிச் சம்பாவுக்கும் தனித்தனி வரி போட்டிருக்கிறேன், போன வருடம் ஒன்றாகப் போட்டதால் உங்களுக்குக் குழப்பம் வந்தது. தேங்காய் எண்ணெய்க்கு மூன்று மாத நிலையான விலை தர முடியாவிட்டால் மாத விலை என்று எழுதிவிடுங்கள், அதையும் ஏற்போம்.

நவம்பர் மாத ஓடரை இங்கேயே எழுதுகிறேன். நாட்டரிசி 25 கிலோ மூடை 24, மைசூர்ப் பருப்பு 4 மூடை, சீனி 75 கிலோ, பெரிய வெங்காயம் 100 கிலோ, செத்தல் மிளகாய் 12 கிலோ, கொத்தமல்லி 10 கிலோ, நெத்தலிக் கருவாடு 15 கிலோ. போன முறை வந்த நெத்தலி நன்றாக இருந்தது, அதே தரத்தில் பார்த்து எடுங்கள். 5ஆம் திகதி போயா என்பதால் 6ஆம் திகதி வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு முன் லொறி வந்தால் வசதி. அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் பள்ளிக்கூட வான்கள் நிற்கும்.

நோன்புப் பெருநாளுக்கு உங்கள் வீட்டு வட்டிலாப்பத்தை வழக்கம் போல எதிர்பார்க்கிறேன். ஒரு பெரிய சட்டியாகவே அனுப்புங்கள், 62 பேருக்கும் வேண்டும்.

நாளை பத்து மணிக்குச் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி
கொள்முதல் பொறுப்பாளர்