யாழினியைப் பற்றி நீ எழுதியதற்கு

நித்யா,

யாழினி இறந்தே பிறந்தாள் என்று செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ அனுப்பியதைப் படித்ததிலிருந்து பதில் எழுதுகிறேன், அழிக்கிறேன், திரும்ப எழுதுகிறேன். இன்றைக்கு வியாழக்கிழமை. நீல டிக் விழுந்து இரண்டு நாளாகியும் என்னிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை என்று நீ பார்த்திருப்பாய். அதற்கு மன்னித்துவிடு. உனக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லைடி. நிஜமாகவே தெரியவில்லை. தெரிகிற வரைக்கும் காத்திருக்கலாம் என்று நினைத்தேன், அப்படி ஒரு நேரம் வரப்போவதில்லை என்று இன்று மதியம் புரிந்தது, அதனால் தெரியாமலேயே எழுதுகிறேன்.

முப்பத்தேழு வாரம். இரண்டு கிலோ அறுநூறு. தலை நிறைய முடி. நீ எழுதிய இந்த மூன்றையும் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. முடி உன்னுடையது மாதிரி சுருட்டையா, அண்ணாவுடையது மாதிரி கோரையா என்று எழுதவில்லை நீ. கேட்கக் கூடாதோ என்று தோன்றியது, ஆனால் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது. உனக்குச் சொல்லத் தோன்றும்போது சொல்.

அவளைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும், அதை உனக்கு எழுதி வைக்கிறேன். உன் வளைகாப்புக்கு வந்தபோது, கூட்டமெல்லாம் சாப்பிடப் போன பிறகு, நீ கட்டிலில் சாய்ந்துகொண்டு என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாய். ஒன்றுமே இல்லை. அப்புறம் நீ கையை ஆட்டி இரண்டு கை வளையலையும் குலுக்கினாய், அவ்வளவுதான், உள்ளேயிருந்து ஓர் உதை, என் உள்ளங்கையில் நேராக வந்து இடித்தது. "பார், அவளுக்குக் கண்ணாடி வளையல் சத்தம் பிடிக்கும்" என்றாய். அப்போது பெண் என்று யாருக்கும் தெரியாது, நீ மட்டும் அவள் அவள் என்றே பேசிக்கொண்டிருந்தாய். யாழினி என்ற பெயரையும் அன்றைக்குத்தான் என் காதில் சொன்னாய், மாமியாரிடம்கூட இன்னும் சொல்லவில்லை என்று. ஆக, நான் யாழினியைத் தொட்டிருக்கிறேன். அது என் கையில் இருக்கிறது. யார் என்ன சொன்னாலும் அந்தக் குழந்தை இருந்தாள் என்பதற்கு நான் சாட்சி.

அந்த வளையலைக் கழற்றச் சொல்கிறார்கள், பார்க்கவே அபசகுனமாக இருக்கிறது என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். உன் கை, உன் வளையல். உனக்குக் கழற்ற வேண்டும் என்று தோன்றுகிற நாளில் கழற்று. தோன்றாவிட்டால் கிடக்கட்டும்.

"வலது பக்கமாவே படுத்துட்டேனோ" என்று கேட்டிருந்தாய். இதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும், அதனால் இதை நேராகச் சொல்கிறேன். இல்லை. தொப்புள்கொடியில் முடிச்சு விழுந்து இறுகிவிட்டது என்று டாக்டர் சொன்னதை நீயே எழுதியிருக்கிறாய். அந்த முடிச்சு பெரும்பாலும் குழந்தை கைப்பிடி அளவு இருந்து தண்ணீரில் நீந்தித் திரிகிற மாதங்களிலேயே விழுந்துவிடுகிறதாம், அப்போது உனக்கு வாந்தி, மசக்கை என்று படுக்கையை விட்டே எழ முடியவில்லை. நீ படுத்ததாலும் விழவில்லை, வேலைக்குப் போனதாலும் விழவில்லை, அந்தக் கல்யாணத்துக்கு பஸ்ஸில் போனதாலும் விழவில்லை. ஸ்கேனில்கூட அது பல நேரம் கண்ணில் படாது. யார் உன்னிடம் எதைச் சொல்லிக் குற்றம் சாட்டினாலும் இதைத் திரும்பப் படி. ராத்திரி இரண்டு மணிக்கு உனக்கு நீயே குற்றம் சாட்டிக்கொண்டாலும் இதைப் படி, போதாவிட்டால் எனக்கு போன் பண்ணு, நான் வாயால் சொல்கிறேன். எத்தனை தடவை வேண்டுமானாலும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன். தாங்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். அம்மா அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை, கையிலிருந்த தண்டை முறத்தில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்புறம் கேட்டார், "பேரு வச்சிருந்தாளா?" வைத்திருந்தாள், யாழினி என்றேன். "நான் வைக்கல. வைக்க விடல" என்றார்.

எனக்கு முப்பத்திரண்டு வயதாகிறது நித்யா. எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து இறந்தது என்பதை முந்தாநாள்தான் கேள்விப்பட்டேன். முகத்தைக்கூடக் காட்டாமல் துணியில் சுற்றி எடுத்துப் போனார்களாம், எங்கே புதைத்தார்கள் என்று கேட்கவும் கூடாது என்று அதட்டினார்களாம், அப்பாவிடம் அம்மா அதைக் கேட்டதே பல வருஷம் கழித்துத்தானாம். வாய்க்கால் மேட்டில் ஒரு பூவரச மரத்தடி என்று அப்பா சொன்னாராம். இதை உன் துக்கத்தோடு சேர்த்து வைத்துப் பேசவில்லை, உன்னுடையது உன்னுடையதுதான். ஆனால் நீ "என்னை அழைத்துப் போகவில்லை, அவரும் மாமனாரும் மட்டும் போய் வந்துவிட்டார்கள், எந்த இடம் என்றுகூட எனக்குத் தெரியாது" என்று எழுதியதைப் படித்த கையோடு அம்மா சொன்னதையும் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. இடத்தைக் கேள். உடம்பு தேறட்டும், பிறகு பார்க்கலாம் என்பார்கள். சரி, பிறகே போகலாம், ஆனால் எந்த இடம் என்று இப்போதே கேட்டுத் தெரிந்துகொள். அண்ணாவைக் கேட்டால் சொல்வார் என்றுதான் நினைக்கிறேன், அவரும் யாரிடம் பேசுவது என்று தெரியாமல்தான் இருப்பார். உன்னால் கேட்க முடியாவிட்டால் நான் கேட்கிறேன். போகும்போது நானும் வருகிறேன், தள்ளி நிற்கிறேன்.

பால் சுரந்து கல் மாதிரி கட்டிக்கொள்கிறது, துணி நனைகிறது, அதுதான் தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தாயே. அந்த வரிக்கு என்னிடம் ஆறுதல் இல்லை. வலிக்கு மட்டும் சொல்கிறேன். முழுவதையும் பிழிந்து வெளியேற்றச் சொல்வார்கள், வேண்டாம், எடுக்க எடுக்க இன்னும் சுரக்கும். வலி தாங்காதபோது இறுக்கம் குறைகிற அளவுக்குக் கொஞ்சம் மட்டும் எடு, ஈரத்துணியைக் குளிர வைத்துப் போடு. சுரப்பை நிறுத்த மாத்திரை இருக்கிறது, டாக்டரிடம் கேள், கேட்கக் கூச்சப்படாதே. காய்ச்சல் வந்தாலோ சிவந்து சூடாக இருந்தாலோ அன்றைக்கே போய்க் காட்டு. அம்மாவுக்கு அப்போது மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினார்களாம். பாட்டி வைத்தியம்தானே என்று நான் நினைத்தேன், தேடிப் பார்த்தால் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர்கள் அதை மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பூவுக்கும் பால் குறைகிறது என்று 1988-ல் எழுதியிருக்கிறார்கள். உனக்கு இப்போது மல்லிகை வாசனை ஆகுமா ஆகாதா என்று எனக்குத் தெரியாது, வளைகாப்பன்று தலை கொள்ளாமல் வைத்திருந்தாய். ஆகாதென்றால் விட்டுவிடு.

அப்புறம் உன் ஆபீஸ். ஆறு வாரம்தான் லீவு, கருச்சிதைவு கணக்கில் வரும் என்று சொன்னார்களாமே. அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில்தான் முதல் தடவையாக உருப்படியாக ஒரு காரியம் செய்தேன், சட்டத்தை எடுத்துப் படித்தேன். 1961-ல் வந்த மகப்பேறு நலச் சட்டத்திலேயே, குழந்தை என்றால் இறந்து பிறந்த குழந்தையும் சேர்த்துத்தான் என்று எழுதியிருந்தது, அதற்குப் பதிலாக இப்போது இருக்கிற சட்டத்திலும் அப்படித்தான். கருச்சிதைவு என்று அதில் சொல்வது இருபத்தாறாவது வாரம் வரைக்கும்தான். நீ முப்பத்தேழு வாரம் சுமந்து பெற்றிருக்கிறாய், உனக்கு நடந்தது பிரசவம். முதல் பிரசவத்துக்கு உண்டான இருபத்தாறு வார விடுப்பு உனக்கு உண்டு. அந்த வரியைப் படித்துவிட்டு நான் அழுதேன், இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்து அவளைக் குழந்தை என்று எழுதிவைத்திருக்கிறார்களே என்று. ஆபீசுக்கு அனுப்ப வேண்டிய மெயிலை நான் எழுதி அண்ணாவுக்கு அனுப்பிவிட்டேன். நீ படிக்கக்கூட வேண்டாம், ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டை அதனுடன் சேர்த்து அவர் அனுப்பிவிடட்டும்.

நம் காலேஜ் பிள்ளைகள் குரூப்பில் "குட்டி வந்தாச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீ அதைத் திறக்காமல் இருப்பது நல்லது என்று நினைத்தேன். நீ சரி என்றால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக நானே சொல்லிவிடுகிறேன், உனக்கு யாரும் போன் பண்ண வேண்டாம் என்றும் சொல்கிறேன். சரி என்று ஓர் எழுத்து அனுப்பு போதும். உன் போனில் அந்த வாரக்கணக்கு சொல்கிற ஆப் இன்னும் இருக்கும், முப்பத்தெட்டாவது வாரம் என்று அது பாட்டுக்கு வந்து நிற்கும், அண்ணாவிடம் கொடுத்து இப்போதே எடுக்கச் சொல்.

பீரோவில் மடித்து வைத்த துணிகளையும் அத்தை பின்னிய அந்த மஞ்சள் தொப்பியையும் யாரும் எடுத்துக் கொடுத்துவிட வேண்டாம் என்று சொல்லி வை. வேண்டாம் என்று பிறகு தோன்றினால் கொடுத்துக்கொள்ளலாம், கொடுத்த பிறகு வேண்டும் என்று தோன்றினால் யாரிடம் போய்க் கேட்பது?

நாளை ராத்திரி சேரனில் கிளம்புகிறேன், சனிக்கிழமை விடிகாலையில் கோவை வந்துவிடுவேன். பெர்த் கிடைத்துவிட்டது. நான் வருவதால் நீ எழுந்து உட்கார்ந்து பேச வேண்டியதில்லை. அழ வேண்டுமென்றால் அழு, அவளைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் பேசு, ஒன்றும் வேண்டாமென்றால் நான் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். யார் வீட்டுக்கு வந்து "அடுத்தது சீக்கிரம்" என்று ஆரம்பித்தாலும் காபி கொடுத்து வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுவது என் வேலை. ஒருவேளை யாரையுமே பார்க்க முடியாது போல இருந்தால் "வேண்டாம்" என்று மட்டும் அனுப்பு, டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு அடுத்த வாரம் வருகிறேன், ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

அம்மா பூண்டு ரசப்பொடி அரைத்துக்கொண்டிருக்கிறார், உனக்குக் கொடுத்து அனுப்ப. பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற பக்குவத்தில் செய்கிறேன் என்று சொல்லச் சொன்னார்.

இதற்குப் பதில் போட வேண்டாம். வாசல் கதவை அண்ணா திறந்துவிட்டால் போதும், நீ தூங்கு.

கவிதா