ஷாக் கேள்விகள் (சனிக்கிழமை டர்பன் வகுப்புக்கு)

நான்கு பேருக்கும் மேல் பிபியை 84 என்றே வைத்திருக்கிறேன், வேண்டுமென்றேதான். பிபியை மட்டும் பார்த்து விடை எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

1. என்3 சாலையில் லாரி மோதிய கார். 28 வயதுப் பையன். பிபி 84/66, பல்ஸ் 132, மூச்சு 30. கை சில்லிட்டு வியர்த்திருக்கிறது, கழுத்து நரம்பு படுத்துக் கிடக்கிறது, வயிறு பலகை மாதிரி. எந்த ஷாக்? இரண்டு லிட்டர் சலைனை மளமளவென்று ஏற்றலாமா?

விடை: ஹைப்போவோலிமிக். மேலுக்கும் கீழுக்கும் 18தான் இடைவெளி, ரத்தக்குழாய் இறுகியிருக்கிறது. இரண்டு லிட்டர் வேண்டாம். சலைன் ரத்தத்தை நீர்க்க வைக்கும், உடம்பைக் குளிர வைக்கும், உறைவதைக் கெடுக்கும். ரத்தம் வரும்வரை 250 மி.லி.யாகக் கொடுத்துப் பாருங்கள். பையன் போக வேண்டிய இடம் தியேட்டர்.

2. டொங்காட்டிலிருந்து வந்த மாமா, 63 வயது. காலையிலிருந்து நெஞ்சுவலி. பிபி 84/62, பல்ஸ் 116, ஆக்சிஜன் 88%. கை இவருக்கும் சில்லென்றுதான். ஆனால் கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, நுரையீரலின் அடியில் கரகரப்பு.

விடை: கார்டியோஜெனிக். பம்ப் கெட்டிருக்கும்போது தண்ணீர் ஊற்றினால் நுரையீரல்தான் நிரம்பும். ஆக்சிஜன், இசிஜி, நார்அட்ரினலின் அல்லது டோபுட்டமின். அடைப்பைத் திறக்க உடனே அனுப்புங்கள். நுரையீரல் சுத்தமாக இருந்து, வலது வென்ட்ரிக்கிள் அடிபட்டிருந்தால் மட்டும் 250 மி.லி. கொடுத்துவிட்டு மறுபடி நெஞ்சைக் கேளுங்கள்.

3. ஃபீனிக்ஸ் ஆயா, 71 வயது, 60 கிலோ, சர்க்கரை உண்டு. மூன்று நாளாக நீர்க்கடுப்பு. காய்ச்சல் 39.2, பல்ஸ் 118, பிபி 84/38. கை கதகதப்பு. எவ்வளவு திரவம்?

விடை: செப்டிக். கிலோவுக்கு 30 வீதம் 1,800 மி.லி. ரிங்கர் லாக்டேட், முதல் மூன்று மணி நேரத்துக்குள். ரத்தக் கல்ச்சர் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக். சராசரி அழுத்தம் இப்போது 53; 65க்கு ஏறாவிட்டால் நார்அட்ரினலின். கை சில்லென்று இருந்தாலும் செப்டிக் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், முற்றிப்போனால் அதுவும் குளிரும்.

4. சாட்ஸ்வொர்த்தில் மாமரத்திலிருந்து விழுந்தவன், 22 வயது. கால் அசையவில்லை. பிபி 84/44, பல்ஸ் 48, தோல் வெதுவெதுப்பாக, உலர்ந்து.

விடை: நியூரோஜெனிக். பிபி இறங்கியும் பல்ஸ் ஓடவில்லை, ஓட்டிவிடும் நரம்பே அறுந்துபோயிருக்கிறது. கழுத்தை அசைக்காதீர்கள். 500 மி.லி. கொடுத்தும் ஏறாவிட்டால் நார்அட்ரினலின். பல்ஸ் இன்னும் இறங்கினால் அட்ரோபின். சரி, இதே பையனுக்குப் பல்ஸ் 126 என்றால்? முதுகெலும்பை விடுங்கள், எங்கே ரத்தம் கசிகிறது என்று தேடுங்கள். போன வருடம் பாதி வகுப்பு இதில்தான் கோட்டைவிட்டது.

5. முதல் கேள்வியின் காரில் அப்பாவும் இருந்தார். அதே பிபி, அதே வயிறு, ஆனால் பல்ஸ் 82. சட்டைப்பையில் அட்டினலால் அட்டை. இதற்கு விடை தரவில்லை, எழுதிக்கொண்டு வாருங்கள்.