இரு பிள்ளைகளுக்கும் மாற்றுச் சான்றிதழ் வேண்டி

10.11.2025

அனுப்புநர்
தமிழரசி கோபிநாத்
(கோ. யாழினி, 7-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு; கோ. கதிரவன், 3-ஆம் வகுப்பு 'அ' பிரிவு ஆகியோரின் தாய்)

பெறுநர்
பள்ளி முதல்வர் அவர்கள்

பொருள்: குடும்பம் வேறு மாநிலத்துக்கு இடம் மாறுவதால் பிள்ளைகள் இருவருக்கும் மாற்றுச் சான்றிதழ் கோருதல்

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். என் மகள் யாழினி (சேர்க்கை எண் 1846) 2019 ஜூனிலும், மகன் கதிரவன் (சேர்க்கை எண் 2310) 2023 ஜூனிலும் தங்கள் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்தார்கள். என் கணவருக்கு வேறு மாநிலத்துக்குப் பணி மாற்றம் வந்து, இந்த மாதம் 3-ஆம் தேதியே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். நானும் பிள்ளைகளும் 28-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை இரவு கிளம்புகிறோம். அங்குள்ள பள்ளியில் இருவருக்கும் இடம் கிடைத்துவிட்டது. டிசம்பர் 3-ஆம் தேதிக்குள் அசல் டி.சி.யைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனவே இருவருக்கும் மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கல்வியாண்டின் நடுவில், அதுவும் அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில் இப்படிக் கேட்பது அலுவலகத்துக்குச் சிரமம் என்று தெரியும். தேர்வு முடியும்வரை நாங்கள் மட்டும் இங்கே தங்கலாமா என்றுகூட யோசித்தோம். வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லி முன்பே நோட்டீஸ் கொடுத்துவிட்டதால் அது முடியவில்லை. பிள்ளைகள் 26-ஆம் தேதி, புதன்கிழமை வரை பள்ளிக்கு வருவார்கள். அதையே கடைசி நாளாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

சான்றிதழில் இடம்பெறும் விவரங்கள் பற்றிச் சில வேண்டுகோள்கள் உள்ளன. முதலாவது யாழினியின் பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் 'ழ'வுக்கு இசட், எச் என்ற இரண்டு எழுத்துகள் உள்ளன. பள்ளியின் மதிப்பெண் அட்டையிலோ 'எல்' என்று இருக்கிறது. இத்தனை வருடம் அதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது என் தவறுதான். சேர்க்கைப் பதிவேட்டில் எப்படி இருக்கிறது என்று பார்த்து, பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி திருத்திய பிறகு டி.சி. தயாரிக்க வேண்டுகிறேன். திருத்தத்துக்குத் தனி விண்ணப்பம் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், அடுத்த நாளே எழுதித் தருகிறேன்.

இதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. என் தம்பி மகனுக்கு ஒரு பள்ளியில் கொடுத்த டி.சி.யில் பிறந்த தேதி எண்ணில் ஒன்றாகவும் எழுத்தில் வேறாகவும் இருந்தது. ஊர் மாறிப் போன பிறகுதான் கண்டுபிடித்தார்கள். அதைச் சரிசெய்ய அவன் அப்பா மூன்று தடவை பஸ் ஏறி வந்து போனார். நாங்கள் போகும் தூரத்துக்கு அப்படி வந்துபோவது கஷ்டம். ஆகவே அச்செடுத்துக் கையெழுத்துப் போடுவதற்கு முன் வரைவை ஒருமுறை எனக்குக் காட்டினால் பெரிய உதவியாக இருக்கும். யாழினி பிறந்த தேதி 14.08.2013, கதிரவன் பிறந்த தேதி 02.02.2018.

இரண்டாவது, வகுப்பு பற்றிய குறிப்பு. ஆண்டு முடியும் முன்பே விலகுவதால், யாழினி ஏழாம் வகுப்பும் கதிரவன் மூன்றாம் வகுப்பும் 'படித்துக்கொண்டிருக்கிறார்' என்று தெளிவாக இருக்க வேண்டும் எனப் புதிய பள்ளியில் சொன்னார்கள். தேர்ச்சி பெற்றதாகவோ பெறாததாகவோ எழுதினால் எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்ற குழப்பம் வருமாம். இருவரும் தமிழை மொழிப்பாடமாகப் படித்ததையும் பயிற்று மொழியையும் குறிப்பிடச் சொன்னார்கள். அங்கே தமிழ் கிடையாது. இவர்கள் புதிய மொழியை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு அந்த ஒரு வரிதான் சான்று.

அப்புறம் கணினி விஷயம். மாநிலம் மாறுவதால், எமிஸ் தளத்திலிருந்து இருவரையும் விடுவிப்பதுடன் மத்திய அரசின் யூடைஸ் பிளஸ் தளத்திலும் விடுவித்தால்தான் புதிய பள்ளி அவர்களைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியுமாம். இருவரின் எமிஸ் எண், நிரந்தரக் கல்வி எண் இரண்டையும் டி.சி.யோடு ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்கிறேன். வேறு மாநிலத்துக்குப் போவதால் கல்வி அலுவலரின் மேலொப்பமும் வேண்டும் என்கிறார்கள். 19-ஆம் தேதிக்குள் டி.சி. கையில் கிடைத்தால், அந்த அலுவலகத்துக்கு நானே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிக்கொள்வேன். பள்ளியிலிருந்து ஆளனுப்ப வேண்டியதில்லை.

காலாண்டு மதிப்பெண் அட்டையின் சான்றொப்பமிட்ட நகலும், இந்த ஆண்டில் இதுவரையிலான வருகை நாட்களும் சேர்த்துக் கொடுத்தால் நல்லது.

கணக்கு வழக்கில் நிலுவை ஏதும் இல்லை என்றே நினைக்கிறேன். இரண்டாம் பருவக் கட்டணம் இருவருக்கும் கட்டியாயிற்று, ரசீது நகல்களை இணைத்திருக்கிறேன். நூலகத்தில் யாழினி பெயரில் இருந்த இரண்டு புத்தகங்களில் ஒன்றைக் கொடுத்துவிட்டாள். இன்னொன்று பெட்டி கட்டும்போது எங்கோ சிக்கிக்கொண்டது. இந்த வாரத்துக்குள் கிடைக்காவிட்டால் அதற்கான தொகையைச் செலுத்திவிடுகிறேன். பள்ளிப் பேருந்துக்கு டிசம்பர் வரை பணம் கட்டியிருக்கிறோம். சேர்க்கையின்போது செலுத்திய முன்வைப்புத் தொகையும் இருக்கிறது. இவற்றில் திரும்பத் தர வேண்டியதை விதிப்படி என் கணவரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம். அது தாமதமானாலும் பரவாயில்லை, டி.சி.யை அதற்காக நிறுத்திவைக்க வேண்டாம்.

அலுவலக விஷயம் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யாழினி இரண்டாம் வகுப்பு முழுவதையும் கைப்பேசித் திரையில்தான் படித்தாள். மூன்றாம் வகுப்பில் நேரில் வந்தபோது ஒரு வரி சேர்ந்தாற்போல் எழுத வரவில்லை. அந்த ஆண்டு அவளுடைய வகுப்பாசிரியை தினமும் மதிய இடைவேளையில் கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார வைத்து எழுத வைத்தார். இன்று அவள் கட்டுரை நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கால் மணி நேரம்தான் ஞாபகம் வருகிறது. அவரிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் போவேன். ஆண்டு விழா நாடகத்தில் யாழினிக்குக் கொடுத்திருந்த வேடத்தை வேறு பிள்ளைக்கு மாற்ற நேரம் வேண்டுமே என்பதால், அதையும் இப்போதே தெரிவிக்கிறேன். கதிரவனுக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை, அங்கேயும் இதே பேருந்துதான் வருமா என்று கேட்கிறான்.

வரைவைப் பார்க்கவோ கையெழுத்திடவோ எந்த நாளும் காலை 10 மணிக்கு மேல் வர முடியும். பள்ளி நாட்குறிப்பில் உள்ள என் கைப்பேசி எண் மாறவில்லை, ஊர் மாறிய பிறகும் அதே எண்தான்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தமிழரசி கோபிநாத்

இணைப்பு: கணவரின் பணிமாற்ற ஆணை நகல், இருவரின் பிறப்புச் சான்றிதழ் மற்றும் ஆதார் நகல்கள், இரண்டாம் பருவக் கட்டண ரசீதுகள், புதிய பள்ளியின் சேர்க்கைக் கடிதம்.