மின் இயந்திரங்கள்: பயிற்சித் தேர்வு 3
டிரான்ஸ்ஃபார்மரும் இண்டக்ஷன் மோட்டாரும்

நேரம்: 45 நிமிடம். கேள்விகள்: 15. மதிப்பெண்: 30.

ஒவ்வொரு சரியான விடைக்கும் 2 மதிப்பெண். தவறான விடைக்கு அரை மதிப்பெண் குறையும், விட்டுவிட்டால் குறையாது. கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாம். விடைகள் நெருக்கமாக இருப்பதால் இடையில் எண்களை முழுமையாக்க வேண்டாம், கடைசியில் செய்துகொள்ளுங்கள். தவறான விடைகளில் பெரும்பாலானவை சென்ற இரண்டு தேர்வுகளின் விடைத்தாள்களில் நான் பார்த்த தவறுகளிலிருந்து எடுத்தவை. எனவே உங்கள் கணக்கின் விடை பட்டியலில் இருக்கிறது என்பதாலேயே அது சரியாகிவிடாது.

கேள்விகள் 1 முதல் 5 வரை ஒரே டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றியவை: 100 கே.வி.ஏ., ஒற்றைக் கட்டம், 50 ஹெர்ட்ஸ். இரும்பு இழப்பு 1000 வாட். முழுப் பளுவில் தாமிர இழப்பு 1600 வாட்.

1. பவர் ஃபேக்டர் 1, முழுப் பளு. பயனுறுதிறன் எவ்வளவு சதவீதம்?
(அ) 97.40 (ஆ) 97.47 (இ) 98.43 (ஈ) 99.01

2. முக்கால் பளுவில் தாமிர இழப்பு எத்தனை வாட்?
(அ) 900 (ஆ) 1200 (இ) 1386 (ஈ) 1600

3. பயனுறுதிறன் உச்சத்தில் இருக்கும் பளு எத்தனை கே.வி.ஏ.?
(அ) 39.1 (ஆ) 62.5 (இ) 79.1 (ஈ) 126.5

4. பவர் ஃபேக்டர் 0.8 என்றால் கிடைக்கக்கூடிய உச்சப் பயனுறுதிறன் எவ்வளவு சதவீதம்?
(அ) 96.85 (ஆ) 96.93 (இ) 97.47 (ஈ) 97.53

5. இந்த டிரான்ஸ்ஃபார்மர் நாள் முழுதும் சப்ளையில் இருக்கிறது. 6 மணி நேரம் முழுப் பளு, பவர் ஃபேக்டர் 1. 8 மணி நேரம் அரைப் பளு, பவர் ஃபேக்டர் 0.8. மீதி 10 மணி நேரம் பளு இல்லை. முழுநாள் பயனுறுதிறன் எவ்வளவு சதவீதம்?
(அ) 95.83 (ஆ) 96.15 (இ) 97.17 (ஈ) 97.47

6. ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு இழப்பு 50 ஹெர்ட்ஸில் 1000 வாட், 40 ஹெர்ட்ஸில் 760 வாட். இரண்டு அளவீட்டிலும் மின்னழுத்தத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள விகிதம் ஒன்றே. 50 ஹெர்ட்ஸில் சுழல் மின்னோட்ட இழப்பு எத்தனை வாட்?
(அ) 160 (ஆ) 240 (இ) 250 (ஈ) 750

7. 20 கே.வி.ஏ., 2000/200 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர். குறுக்குச் சுற்றுச் சோதனையை உயர் அழுத்தப் பக்கத்தில் 8 ஆம்பியரில் செய்தபோது வாட்மீட்டர் 192 வாட் காட்டியது. முழுப் பளுத் தாமிர இழப்பு எத்தனை வாட்?
(அ) 192 (ஆ) 240 (இ) 300 (ஈ) 375

கேள்விகள் 8 முதல் 12 வரை ஒரே மோட்டார்: மூன்று கட்டம், 4 துருவம், 50 ஹெர்ட்ஸ், முழுப் பளுவில் 1440 ஆர்.பி.எம்.

8. ஸ்லிப் எவ்வளவு சதவீதம்?
(அ) 4 (ஆ) 4.17 (இ) 6 (ஈ) 96

9. ரோட்டார் மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலம், ஸ்டேட்டரிலிருந்து பார்த்தால், எத்தனை ஆர்.பி.எம். வேகத்தில் சுழலும்?
(அ) 60 (ஆ) 1380 (இ) 1440 (ஈ) 1500

10. முழுப் பளுவில் மோட்டார் 40 கிலோவாட் எடுக்கிறது. ஸ்டேட்டரின் தாமிர இழப்பும் இரும்பு இழப்பும் சேர்ந்து 1.5 கிலோவாட். ரோட்டார் தாமிர இழப்பு எத்தனை கிலோவாட்?
(அ) 1.44 (ஆ) 1.48 (இ) 1.54 (ஈ) 1.60

11. உராய்வும் காற்றுத் தடையும் சேர்ந்த இழப்பு 0.96 கிலோவாட். மோட்டாரின் பயனுறுதிறன் எவ்வளவு சதவீதம்?
(அ) 90.0 (ஆ) 92.4 (இ) 93.9 (ஈ) 96.0

12. ஷாஃப்டில் கிடைக்கும் முறுக்குவிசை எத்தனை நியூட்டன் மீட்டர்?
(அ) 229.2 (ஆ) 238.7 (இ) 245.1 (ஈ) 254.6

13. ஒரு ஸ்லிப் ரிங் மோட்டாரில் கட்டத்துக்கு ரோட்டார் மின்தடை 0.1 ஓம், நிற்கும்போது ரோட்டார் ரியாக்டன்ஸ் 0.5 ஓம். கிளம்பும்போதே உச்ச முறுக்குவிசை வேண்டுமானால் கட்டத்துக்கு எத்தனை ஓம் மின்தடையை வெளியே சேர்க்க வேண்டும்? ஸ்டேட்டர் மின்மறுப்பைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.
(அ) 0.2 (ஆ) 0.4 (இ) 0.5 (ஈ) 0.6

14. டெல்டாவில் நேரடியாக ஸ்டார்ட் செய்தால் லைனில் 180 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரை ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் கிளப்பினால் லைனில் எத்தனை ஆம்பியர்?
(அ) 60 (ஆ) 103.9 (இ) 180 (ஈ) 311.8

15. 4 சதவீத ஸ்லிப்பில் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் இரண்டு கட்டங்களைச் சட்டென்று மாற்றிவிட்டால் அந்தக் கணத்தில் ஸ்லிப் எவ்வளவு?
(அ) 0.04 (ஆ) 0.96 (இ) 1.04 (ஈ) 1.96

விடைகள்

1-ஆ, 2-அ, 3-இ, 4-ஆ, 5-ஆ, 6-இ, 7-இ, 8-அ, 9-ஈ, 10-இ, 11-அ, 12-ஆ, 13-ஆ, 14-அ, 15-ஈ

விளக்கம்

1. கே.வி.ஏ. என்று பெயர்ப் பலகையில் போட்டிருப்பது வெளியீடு. 100 கிலோவாட் வெளியே போகிறது, 2.6 கிலோவாட் இழப்பு, ஆகவே உள்ளே வருவது 102.6. 100/102.6 = 97.47%. 100-ஐ உள்ளீடு என்று நினைத்து அதிலிருந்து இழப்பைக் கழித்தவருக்கு 97.40 வந்திருக்கும். வித்தியாசம் 0.07 தான், ஆனால் தவறு தவறுதான். இரும்பு இழப்பை மறந்தவருக்கு 98.43, தாமிர இழப்பை மறந்தவருக்கு 99.01.

2. தாமிர இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: 1600 × 0.75² = 900.

3. இரும்பு இழப்பும் தாமிர இழப்பும் சமமாகும் இடத்தில் உச்சம். x² × 1600 = 1000, அதாவது x = √0.625 = 0.7906. வர்க்கமூலம் எடுக்காமல் நின்றால் 62.5. அதற்குப் பதில் வர்க்கப்படுத்தினால் 39.1. விகிதத்தைத் தலைகீழாகப் போட்டால் 126.5, அதாவது டிரான்ஸ்ஃபார்மரைத் தாங்காத பளுவில் ஓட்டச் சொல்லும் விடை. முழுப் பளுவில் தாமிர இழப்பு இரும்பு இழப்பைவிட அதிகம் என்று கேள்வியிலேயே இருக்கும்போது உச்சம் முழுப் பளுவுக்குக் கீழேதான் வர முடியும். கணக்குப் போடாமலேயே (ஈ)-யை அடித்துவிடலாம்.

4. உச்சம் வரும் பளு பவர் ஃபேக்டரைப் பொறுத்து மாறாது. உச்சத்தின் அளவு மாறும். 79.06 × 0.8 = 63.25 கிலோவாட் வெளியீடு. இழப்பு 1 + 1 = 2 கிலோவாட். 63.25/65.25 = 96.93%. முழுப் பளுவுக்கு 0.8 போட்டுப் பார்த்தவருக்கு 96.85. பவர் ஃபேக்டரை மறந்தவருக்கு 97.53.

5. இதில்தான் அதிகம் பேர் வழுக்கினார்கள். முழுநாள் பயனுறுதிறன் என்பது வாட்டுக்கு வாட் அல்ல, யூனிட்டுக்கு யூனிட்.

வெளியீடு: 6 × 100 + 8 × 50 × 0.8 = 600 + 320 = 920 யூனிட்.
இரும்பு இழப்பு: 24 × 1 = 24 யூனிட்.
தாமிர இழப்பு: 6 × 1.6 + 8 × 0.4 = 9.6 + 3.2 = 12.8 யூனிட்.
920/956.8 = 96.15%.

பளு இல்லாத 10 மணி நேரமும் கோர் காந்தமேறி இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு 14 மணி நேரத்துக்கு மட்டும் இரும்பு இழப்பை எடுத்தவருக்கு 97.17 கிடைக்கும். அரைப் பளு என்றால் அரை இழப்பு, 0.8 கிலோவாட், என்று எடுத்தவருக்கு 95.83. பவர் ஃபேக்டர் 0.8 வெளியீட்டை மட்டும்தான் குறைக்கிறது; தாமிர இழப்பு கே.வி.ஏ.வைப் பார்க்கும், கிலோவாட்டைப் பார்க்காது. விநியோக டிரான்ஸ்ஃபார்மர்களில் இரும்பு இழப்பைக் குறைவாக வைத்து வடிவமைப்பது இந்த 24 மணி நேரக் கணக்கால்தான்.

6. விகிதம் மாறாததால் கோரின் பாய அடர்த்தி மாறவில்லை. ஹிஸ்டெரிசிஸ் இழப்பு அதிர்வெண்ணுக்கு நேர் விகிதம், சுழல் மின்னோட்ட இழப்பு அதன் வர்க்கத்துக்கு. எனவே

P = A f + B f²
P/f = A + B f

1000/50 = 20, 760/40 = 19. கழித்தால் 10B = 1, B = 0.1, A = 15. 50 ஹெர்ட்ஸில் சுழல் மின்னோட்ட இழப்பு 0.1 × 2500 = 250 வாட், ஹிஸ்டெரிசிஸ் 750 வாட். 160 என்பது 40 ஹெர்ட்ஸுக்கான விடை. 240 வெறும் கழித்தல். இரண்டு இழப்பும் குறைந்ததன் மொத்தம் அது.

7. முழுப் பளு மின்னோட்டம் 20000/2000 = 10 ஆம்பியர். 192 × (10/8)² = 300. சோதனை 8 ஆம்பியரில் நடந்தது என்பதைக் கேள்வியின் நடுவில் வைத்திருந்தேன். அதைத் தாண்டிப் போனவர்கள் 192 என்றார்கள்.

8. ஒத்தியங்கு வேகம் Ns = 120 f/P = 1500. ஸ்லிப் 60/1500 = 4%. வகுப்பது 1500-ஆல், 1440-ஆல் அல்ல.

9. ரோட்டாரில் மின்னோட்டத்தின் அதிர்வெண் 0.04 × 50 = 2 ஹெர்ட்ஸ். அது ரோட்டாரைப் பொறுத்து 60 ஆர்.பி.எம். வேகத்தில் ஒரு புலத்தைச் சுழற்றுகிறது. ரோட்டார் தானே 1440-இல் ஓடுகிறது. இரண்டும் ஒரே திசை, கூட்டினால் 1500. ஸ்லிப் எதுவாக இருந்தாலும் இது 1500 தான். ரோட்டார் புலமும் ஸ்டேட்டர் புலமும் ஒன்றையொன்று பார்த்து நின்றால்தான் நிலையான முறுக்குவிசை கிடைக்கும்.

10. ஏர் கேப்பைத் தாண்டும் திறன் 40 − 1.5 = 38.5. அதில் ஸ்லிப் பங்கு ரோட்டார் தாமிரத்துக்கு: 0.04 × 38.5 = 1.54. நான்கு விடைகளும் ஏதோ ஒன்றின் 4 சதவீதம். 1.60 மின் உள்ளீட்டின் 4 சதவீதம், 1.48 மொத்த இயந்திரத் திறனின், 1.44 ஷாஃப்ட் வெளியீட்டின். எதன் 4 சதவீதம் என்பதுதான் கேள்வி. ரோட்டாரின் இரும்பு இழப்பை ஏன் விட்டோம் என்று ஒருவர் கேட்டார், நல்ல கேள்வி. 2 ஹெர்ட்ஸில் அது பொருட்படுத்த வேண்டாத அளவு.

11. 38.5 − 1.54 = 36.96. அதில் உராய்வும் காற்றும் 0.96 போனால் 36. 36/40 = 90%. உராய்வை மறந்தால் 92.4, ரோட்டார் தாமிரத்தை மறந்தால் 93.9. 96 என்பது 1 − s. அது ரோட்டாரின் உள் பயனுறுதிறன், மோட்டாருடையது அல்ல. எந்த இண்டக்ஷன் மோட்டாரும் அந்த எல்லையைத் தாண்டாது.

12. ஷாஃப்ட் உண்மையில் சுழலும் வேகம் 1440, அதாவது நொடிக்கு 150.8 ரேடியன். 36000/150.8 = 238.7. ஒத்தியங்கு வேகத்தால் வகுத்தால் 229.2. அப்புறம், 245.1-க்கு இரண்டு வழியில் போகலாம்: 36960-ஐ 150.8-ஆல் வகுத்தாலும் அதுதான், 38500-ஐ 157.08-ஆல் வகுத்தாலும் அதுதான். ரோட்டாரில் உருவாகும் முறுக்குவிசை அது. உராய்வு எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவதுதான் ஷாஃப்டில்.

13. உச்ச முறுக்குவிசைக்கு ஸ்லிப் = மின்தடை/ரியாக்டன்ஸ். கிளம்பும்போது ஸ்லிப் 1, எனவே மொத்த மின்தடை 0.5 வேண்டும். 0.1 ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. சேர்க்க வேண்டியது 0.4.

14. ஸ்டாரில் சுருளுக்கு மின்னழுத்தம் 1/√3. சுருள் மின்னோட்டமும் 1/√3. டெல்டாவில் லைன் மின்னோட்டம் சுருளுடையதைப் போல √3 மடங்கு, ஸ்டாரில் இரண்டும் ஒன்று. மொத்தத்தில் மூன்றில் ஒன்று, 60 ஆம்பியர். ஒரு √3-ஐ மட்டும் எடுத்தவர்கள் 103.9-இல் நின்றுவிட்டார்கள். கிளப்பும் முறுக்குவிசையும் இதேபோல் மூன்றில் ஒன்றாகிவிடும், அதனால் கனத்த பளுவோடு கிளம்ப வேண்டிய இடத்துக்கு இந்த ஸ்டார்ட்டர் சரிப்படாது.

15. புலம் எதிர்த்திசையில் 1500, ரோட்டார் பழைய திசையில் 1440. (1500 + 1440)/1500 = 1.96, அதாவது 2 − s. ரோட்டார் அதிர்வெண் அந்தக் கணத்தில் 98 ஹெர்ட்ஸ். ரோட்டார் தாமிர இழப்பு ஏர் கேப் திறனைப் போல 1.96 மடங்கு, மீதி 0.96 சுழன்றுகொண்டிருக்கும் பளுவின் இயக்க ஆற்றலிலிருந்து வருகிறது. பிரேக் போட இப்படிச் செய்யும்போது வேகம் பூஜ்யத்தைத் தொட்டதும் சப்ளையைத் துண்டிக்க வேண்டும், இல்லையென்றால் மோட்டார் மறுபக்கம் ஓடத் தொடங்கிவிடும்.