அவசரமா, தெரியாததா?

"கணக்குப் பரீட்சையில 61 மார்க். தப்பெல்லாம் எதுன்னு பார்த்தாச்சா?"

"பார்த்தேன் சார். எல்லாமே கவனக்குறைவுதான்."

"எல்லாமேவா? நாலாவது கணக்கு. −3(x − 4) = −3x − 12ன்னு எழுதியிருக்க. இப்போ போடு."

"−3x + 12. ஐயோ!"

"ஒன்பதாவதுல இதே மாதிரி அடைப்பைச் சரியா பிரிச்சிருக்க. அதனால இது அவசரம். ஓரத்துல 'அ' போட்டுக்கோ. அடுத்து பன்னிரண்டு. பையில 5 சிவப்பு, 3 நீலப் பந்து. திரும்ப வைக்காம ரெண்டு எடுத்தா, ரெண்டுமே சிவப்பா இருக்க நிகழ்தகவு?"

"அதுவும் அவசரம்தான் சார்."

"சரி, தாளை மூடிட்டுப் போடு. நிதானமா."

"5/8 × 5/8... 25/64."

"தாள்லயும் அதேதான் இருக்கு."

"..."

"முகத்தைத் தூக்கி வெச்சுக்காதே. ஒரு சிவப்பை எடுத்த பிறகு பையில என்ன மிச்சம்?"

"மொத்தம் ஏழு. சிவப்பு நாலு. ஓ! 5/8 × 4/7... 20/56... 5/14."

"இதுக்கு 'தெ'. 'திரும்ப வைக்காம'ங்கிற வார்த்தையைப் படிச்சிருக்க, அது என்ன செய்யும்னு தெரியல."

"பதினஞ்சு எழுதவே இல்லையே சார்?"

"நீயே சொல்லு."

"நேரம் இருந்துச்சு. எப்படி ஆரம்பிக்கணும்னே பிடிபடல."

"அப்போ அதுவும் 'தெ'. நாளைக்கு அதுலேர்ந்து தொடங்குவோம்."