பயனர் சித்திரம்: பால் அளக்கும் செல்வி

அடிப்படை: பால் கொள்முதலைப் பதியும் புதிய மென்பொருளை வடிவமைப்பதற்காக, ஒரே பால் சங்கத்தில் மூன்று காலையும் ஒரு மாலையும் நின்று பார்த்தது; அளப்பவர்கள் இருவர், செயலாளர், பால் ஊற்ற வந்த பதினொரு பேர் ஆகியோருடன் பேசியது. செல்வி தனி ஆள் அல்லர். அளப்பவர்கள் இருவரிடமும் கண்டதைச் சேர்த்து வரைந்த உருவம். பெயர் நாங்கள் இட்டது.

வயது 38. பத்தாம் வகுப்பு படித்தவர். ஒன்பது ஆண்டுகளாக அளக்கிறார். வீட்டில் இரண்டு கறவை மாடுகள் உண்டு, அவரும் உறுப்பினர்தான். அதனால் மேசையின் இரு பக்கமும் அவருக்குத் தெரியும். கைப்பேசியில் குரல் பதிவு அனுப்புவார். எழுத்துகளைத் தட்டுவது அரிது. எண்களில் அவர் கை பறக்கும்.

காலை ஐந்தரைக்கு வரிசை தொடங்கிவிடுகிறது. பாலை எடை பார்த்து, மாதிரி எடுத்து, கருவியில் வைத்து, கொழுப்பும் இதர சத்தும் வரும்வரை அடுத்தவரின் கேனைத் திறந்து முகர்ந்து பார்க்கிறார். திரையைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் தோளில் கிடக்கும் துண்டில் ஆள்காட்டி விரலைத் துடைக்கிறார். ஈர விரலுக்குத் திரை அசையாது. துடைக்க மறந்தபோது ஒரே எண்ணை மூன்று முறை அழுத்தினார்.

யாரையும் அவர் பெயரால் தேடுவதில்லை. ஒரே பெயரில் நான்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சிறுவர்கள் கேனைக் கொண்டுவந்தால் அதன் கழுத்தில் பெயின்டால் எழுதிய எண்ணைப் பார்க்கிறார். எங்கள் முதல் திரை வரைபடத்தில் பெயர்த் தேடலை மேலே வைத்திருந்தோம். அதை எடுத்துவிட வேண்டும்.

இரண்டாம் நாள் நடந்ததுதான் இந்தச் சித்திரத்தின் மையம். உறுப்பினர் எண் 47-இன் பால் 74-இன் கணக்கில் பதிவாகிவிட்டது. இரண்டு பேர் கழித்துச் செல்வி அதைக் கண்டுபிடித்தார். இப்போதுள்ள மென்பொருளில் பதிவைத் திருத்துவதற்குச் செயலாளரின் கடவுச்சொல் வேண்டும். அவர் வருவது ஒன்பது மணிக்கு. செல்வி ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தராசுக்கு அடியில் செருகினார். 47 ரசீது இல்லாமலே வீடு திரும்பினார். அன்று முழுவதும் ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டு இரண்டு முறை சொன்ன பிறகே பதிந்தார் செல்வி. பட்டுவாடா நாளில் கணக்கு இடித்தால் கேள்வி அவர் வீட்டு வாசலுக்கே வரும் என்றார். சங்கத்தில் அவருடைய மதிப்பு அந்த எண்களில் இருக்கிறது.

ஆகவே, புதிய மென்பொருளில் பால் வண்டி கிளம்பும்வரை செல்வியே திருத்த முடிய வேண்டும். பழைய எண்ணும் புதிய எண்ணும் அழியாமல் நிற்க வேண்டும். பதிந்த உறுப்பினர் எண், லிட்டர், கொழுப்பு மூன்றும் எதிரே நிற்பவர் படிக்கும் அளவுக்குப் பெரிதாகத் தெரிய வேண்டும். பிழையை முதலில் காணக்கூடியவர் அவர்தான். சிக்னல் இல்லாவிட்டாலும் பதிவு நடக்க வேண்டும். அறிக்கைகள், வரைபடங்கள் எல்லாம் பிறகு.

ஒரு எச்சரிக்கை: மாலையில் வரிசை குறைவு, பேச்சு அதிகம், வெளிச்சம் மங்கல். அந்த நேரத்தை ஒருமுறைதான் பார்த்தோம். திரையின் நிறங்களை முடிவு செய்வதற்கு முன் இன்னும் இரண்டு மாலை அங்கே நிற்க வேண்டும்.