அத்தியாயம் 14: கூப்பிட்டால் திரும்பும் பெயர்

பாலம் கட்டி, கண்ணிவெடி அகற்றும் மெட்ராஸ் சாப்பர்ஸ் பிளாட்டூன் ஒன்றின் ஹவில்தார், புதிதாக வரும் ஜமேதாருக்கு எழுதி வைத்த குறிப்பு. இத்தாலி, ஆகஸ்ட் 1944.

ஐயா,

ரோல் புத்தகத்தில் பெயரும் நம்பரும் இருக்கின்றன. சம்பளம் கொடுக்க அது போதும். ராத்திரி ஆற்றங்கரையில் ஆளைக் கூப்பிட அது போதாது. இந்தப் பிளாட்டூனில் முத்துசாமி நான்கு பேர், சின்னசாமி மூன்று பேர், அந்தோணி இரண்டு பேர். "தம்பி" என்று கூப்பிட்டாலும் வேலை நடக்காது. நம் படைக்கே அதுதான் பெயர். மற்ற படைக்காரர்கள் மெட்ராஸ் சாப்பர் யாரைப் பார்த்தாலும் தம்பி என்றுதான் அழைக்கிறார்கள். இருட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால் பிளாட்டூனே திரும்பிப் பார்க்கும். கண்ணி தேடுகிற இடத்தில் ஒரு ஆள் வீணாகத் திரும்பினால் அவன் கால் வெள்ளை நாடாவுக்கு வெளியே போய்விடும். அதனால் பையன்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர்களை எழுதித் தருகிறேன். முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

முதலில் வாளி. மூன்றாம் செக்‌ஷன், முத்துசாமிகளில் உயரமானவர், நம்பர் 418-இல் முடியும். முதலில் இவருக்குத் 'தூக்கு' என்று பெயர். ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைத் தூக்கில்தான் டீ குடிப்பார், வேறு எதிலும் வாய் வைக்க மாட்டார். முகாமில் இருக்கும்வரை அந்தப் பெயரால் ஒரு கெடுதலும் இல்லை. பெய்லி பாலம் கட்டும்போதுதான் சிக்கல் வந்தது. ஒரு பேனல் 570 ராத்தல். ஆறு பேர் கம்பி செருகி, ஒரே குரலுக்கு ஒன்றாகத் தூக்க வேண்டும். ஒருவர் முந்தினாலும் ஒருவர் பிந்தினாலும் கனம் முழுக்க ஒரு மூலைக்குப் போய்விடும். அன்றைக்கு ராத்திரி நாயக் இவரைப் பக்கத்துப் பேனலுக்கு அழைக்க, "தூக்கு, இங்க வா!" என்றார். முதல் சொல் காதில் விழுந்ததுமே ஐந்து பேர் தூக்கிவிட்டார்கள். ஆறாவது ஆள் அப்போதுதான் கம்பியைப் பிடிக்கக் குனிந்திருந்தார். பேனல் சரிந்து அவருடைய இரண்டு விரல்கள் நசுங்கின. மறுநாள் காலை டீக்கு முன்பே பையன்கள் பெயரை 'வாளி' என்று மாற்றிவிட்டார்கள். யாரும் சொல்லித் தரவில்லை. கட்டளைச் சொல்லின் ஒலி எந்தப் பெயரிலும் இருக்கக் கூடாது என்ற விதி அன்றிலிருந்து இருக்கிறது. தூக்கு, விடு, தள்ளு, நில், இறக்கு: இந்த ஐந்தையும் தொடுகிற பெயர் வேண்டாம். ஒன்று முளைத்தால் அன்றே கிள்ளிவிடுங்கள்.

இதே மாதிரி அல்சூர். பெங்களூரில் பிறந்தவர், அதனால் 'பெங்களூர்' என்றுதான் ஆரம்பித்தார்கள். முள்கம்பி வேலியை உடைக்கிற குழாய்க்கும் அதே பெயர் அல்லவா? பெங்களூரில் நம் ஆட்கள் 1912-லேயே செய்து பார்த்த குழாய், உலகம் முழுக்க அந்த ஊர்ப் பெயரோடுதான் திரிகிறது. ஒத்திகையில் "பெங்களூரை முன்னாடி அனுப்பு" என்று சொன்னபோது குழாய் பின்னாலேயே கிடந்தது, ஆள் மட்டும் வெறுங்கையோடு வேலிக்கு ஓடிவந்து நின்றார். ஒத்திகையாக இருந்ததால் பிழைத்தோம். நம் டிப்போ பக்கத்து ஏரியின் பெயரை வைத்துவிட்டோம். அவருக்கும் பிடித்திருக்கிறது.

ஊர்ப் பெயரால் வருகிற பட்டப்பெயர் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். பூட்டு என்பவர் திண்டுக்கல்காரர். அந்த ஊர் என்றால் எல்லாருக்கும் பூட்டுதான் நினைவுக்கு வரும். இவர் வீட்டில் விவசாயம், பூட்டுப் பட்டறைக்குள் கால் வைத்ததே இல்லை. ஆனால் பெயர் ஒட்டியதும் பூட்டிய பெட்டி, இறுகிய கதவு, திறக்காத அலமாரி எல்லாம் இவர் கைக்கு வர ஆரம்பித்தன. ஜெர்மன்காரன் விட்டுப்போன வீட்டில் கதவையும் இழுப்பறையையும் இழுத்துத் திறப்பதைவிட ஆபத்தான வேலை வேறு இல்லை. இழுத்தால் வெடிப்பது, தூக்கினால் வெடிப்பது, இரண்டுமே உண்டு. பெயரை நம்பி இவரை அனுப்பாதீர்கள். இவர் மறுக்க மாட்டார், அதுதான் பயம்.

சாம்பியன் விஷயம் நேர் எதிர். புதிதாக வருபவர்கள் குத்துச்சண்டைக்காரர் என்று நினைக்கிறார்கள். கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் என்ற சுரங்கப் பகுதியிலிருந்து வந்தவர். அப்பா, தாத்தா எல்லாம் கீழே இறங்கி வேலை பார்த்தவர்கள். பாறையில் துளை போடும் முன் சுத்தியல் காம்பால் தட்டிக் கேட்பார். கணீரென்று வந்தால் கெட்டிப் பாறை. மொத்தென்று வந்தால் உள்ளே வெடிப்பு இருக்கிறது, வெடிமருந்தின் வேகம் அந்த வழியே வெளியேறிவிடும். மலைப்பாதை அகலப்படுத்தும்போது துளை எங்கே, எவ்வளவு ஆழம் என்பதை இவரிடம் கேட்டுவிட்டுக் குறியுங்கள். இந்தப் பெயரை மட்டும் முழுக்க நம்பலாம்.

பழக்கத்தால் வந்த பெயர்கள்தான் உங்களுக்கு அதிகம் பயன்படும். பொடி என்றால் மூக்குப்பொடி. ஊர்ப் பொடி தீர்ந்து மாதங்களாகின்றன, ரேஷன் சிகரெட்டைப் பிரித்துக் காயவைத்துக் கசக்கிப் போட்டுக்கொள்கிறார். போட்ட கொஞ்ச நேரத்துக்குத் தும்மல் நிற்காது. பாலத்து வேலைக்கு நல்ல ஆள், ராத்திரி முன்னால் போகிற கூட்டத்தில் சேர்க்க வேண்டாம். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் பொடி மட்டையை வாங்கி உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் கொடுத்துவிடுவார், கோபப்பட மாட்டார்.

கடிகாரம் என்பவரிடம் கடிகாரம் கிடையாது. திரியைப் பற்ற வைத்ததும் சத்தமாக எண்ணுகிற பழக்கத்தால் வந்தது. பாதுகாப்புத் திரி ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய இரண்டடி எரியும் என்பது கணக்கு. ஈரம் பட்டது, மடிந்தது, பழையது எல்லாம் அந்தக் கணக்குக்கு நிற்காது. இவர் ஒவ்வொரு சுருளிலும் ஒரு அடி வெட்டி எரித்து, எண்ணிப் பார்த்த பிறகுதான் மீதியைத் தொடுவார். அவசரம் என்று அந்த ஒரு அடியை மிச்சம் பிடிக்கச் சொல்லாதீர்கள்.

நொட்டாங்கை இடக்கைக்காரர். பாலத்தின் ஒரு பக்கத்தில் வலக்கைக்காரருக்குச் சுத்தியல் வீச இடம் இருக்காது, பேனல் இடிக்கும். அந்தப் பக்கம் இவருக்குத்தான். நான்கு பேர் தடுமாறுகிற இடத்தில், பேனல்களைக் கோக்கும் பின் இவருடைய ஒரே அடியில் இறங்கும்.

அவருக்கு நேர் எதிரே நிற்பவர் நெட்டுக்குத்து, சின்னசாமிகளில் இளையவர், 073. பேனல் பின்னின் தலையில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தப் பள்ளம் படுக்கையாக இருக்கும்படி பின்னை அடிக்க வேண்டும். அப்போதுதான் மறுமுனையில் சின்னப் பின் போடுகிற ஓட்டை எட்டும்படி நிற்கும். இவர் முதல் ராத்திரியில் எட்டுப் பின்னையும் பள்ளம் நெட்டுக்குத்தாக நிற்க அடித்துவிட்டார். சின்னப் பின் ஒன்றுகூட ஏறவில்லை. எட்டையும் திருப்பி அடித்து முடிக்கும்வரை பாலம் நின்றது, அக்கரையில் காலாட்படை காத்திருந்தது. அதற்குப் பிறகு இவர் ஒவ்வொரு பின்னின் தலையையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்துத்தான் அடிக்கிறார். இருட்டில் அதுதான் சரியான வழி. புதியவர்களுக்குப் பின் அடிக்கக் கற்றுத்தர இவரையே போடுங்கள். அந்தப் பெயரால் இவர் இன்னும் கொஞ்சம் கூசுகிறார், பெரிய சாப் முன்னால் மட்டும் சின்னசாமி என்றே கூப்பிடுங்கள்.

மஞ்சள்: மலேரியாவுக்குத் தினம் ஒன்று போட வேண்டிய மெப்பாக்ரின் என்ற மஞ்சள் மாத்திரையை, விட்டுப்போன ஒரு வாரத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் விழுங்கியவர். வாந்தி எடுத்து ஓய்ந்துபோனார். மாத்திரையைக் கையில் கொடுத்து நம்பிவிடாதீர்கள், எதிரே நின்று விழுங்கச் சொல்லுங்கள். இவருக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும். தொமானி: இத்தாலி மொழியில் 'நாளை'. துணி துவைக்கும் கிழவியிடம் தினமும் அதையே சொல்லிக் கடன் வைத்தவர். இப்போது தீர்த்துவிட்டார், பெயர் மட்டும் தங்கிவிட்டது.

சில பெயர்கள் இங்கே கிடையாது, இனியும் வரக் கூடாது. சாதியைத் தொட்ட பெயர், ஒரு ஆளின் தாயைத் தொட்ட பெயர், காயத்தால் வந்த ஊனத்தைத் தொட்ட பெயர். இந்தப் பிளாட்டூனில் எல்லாச் சாதியும் ஒரே டேக்சாவில் சாப்பிடுகிறது. ஊரில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரே ஒரு சொல் போதும், அது உடைந்துபோகும். சிரித்துக்கொண்டே சொன்னாலும் விடாதீர்கள்.

கண்ணியில் ஆள் போன நாளைத் தொட்டும் பெயர் வைப்பதில்லை. பிப்ரவரி 24 அன்று மின்யானோ பக்கத்தில் நம் சுபேதார் சுப்ரமணியம் ஐயா, மற்றவர்களைக் காப்பாற்றக் கண்ணியின் மேல் தானே விழுந்து உயிர் விட்டார். ஜார்ஜ் கிராஸ் அறிவித்திருக்கிறார்கள். அந்த நாளைப் பற்றிப் பையன்கள் பேசுவார்கள், கேலிக்கு எடுக்க மாட்டார்கள். இறந்தவரின் பட்டப்பெயரையும் இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை. கசினோ சண்டையில் 'கொக்கி' போனார். அதற்குப் பிறகு கொக்கி என்று யாரையும் கூப்பிட்டதில்லை, கிரேன் கொக்கியைக்கூட 'வளைவு' என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் வாயில் தவறி வந்தால் எல்லாரும் சட்டென்று அமைதியாகிவிடுவார்கள். காரணம் இதுதான்.

பட்டப்பெயரைக் காகிதத்தில் ஏற்றாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மே மாதம் ஒரு ரன்னர் அவசரத்தில் "வாளி காயம், ஆம்புலன்ஸில் அனுப்பியாச்சு" என்று சீட்டு எழுதிவிட்டான். கம்பெனி ஆபீஸில் வாளி யார் என்று தெரியவில்லை. விசாரித்துவிட்டு முத்துசாமி என்று எழுதினார்கள், ஆனால் வேறொரு முத்துசாமியின் நம்பரோடு. தகவல் வேலூர்ப் பக்கம் தவறான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தத் தாய் பதினெட்டு நாள் அழுதிருக்கிறாள், சரியான வீட்டில் ஒன்றுமே தெரியாது. ஆளைக் கூப்பிடப் பட்டப்பெயர், சீட்டில் எழுத நம்பரும் முழுப்பெயரும் அப்பா பெயரும். அதற்காகத்தான் ஒவ்வொருவருக்கும் கடைசி மூன்று இலக்கத்தைப் பின் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சாப்புக்கும் பையன்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், இந்தத் தாள் எங்கேயாவது விழலாம் என்பதால் எழுதவில்லை, கேட்டால் அல்சூர் சொல்வார்.

வியாழக்கிழமை லாரியில் நான்கு புது ஆட்கள் வருகிறார்கள். நீங்களாக யாருக்கும் பெயர் வைக்காதீர்கள். மேலிருந்து வைத்த பெயர் நிற்பதில்லை. நின்றாலும் அதற்கு ஆள் திரும்புவதில்லை. பத்து நாள் பொறுங்கள். அதுவரை நம்பரின் கடைசி மூன்று இலக்கத்தால் கூப்பிடுங்கள், நான்கும் வேறு வேறாக இருக்கின்றன, பார்த்துவிட்டேன். ஒருவன் காட்பாடிக்காரன், ரயிலில் வேலை பார்த்தவனாம். அவனுக்கு 'விசில்' என்று வைக்கப் பையன்கள் இப்போதே பேசிக்கொள்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். பாலத்தை உருளையில் தள்ளும்போது நிறுத்துவதற்கு நாம் ஊதுவது விசில்.